டார்மன்ட் ஆன சேமிப்புக் கணக்கு: கடலூரில் இருந்துகொண்டு பாண்டி கிளையில் உயிர்ப்பித்த கதை

கேள்வி: பாண்டிச்சேரியில் வேலை பார்த்தபோது திறந்த சேமிப்புக் கணக்கு. மூன்று வருஷமாகத் தொடவில்லை. இப்போது ஏடிஎம், யுபிஐ எதுவும் போகவில்லை. நான் கடலூரில் இருக்கிறேன். என்னென்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும்?

எனக்கும் இதே கதைதான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு. வேலையை விட்டபிறகு கொஞ்ச நாள் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எடுத்தது 2022 மார்ச். 2024 ஆகஸ்டில் வீட்டு அட்வான்சுக்காக மாமா பையன் அந்தக் கணக்குக்கு 15,000 ரூபாய் அனுப்பினான். பணம் உள்ளே போய்விட்டது, குறுஞ்செய்தியும் வந்தது. எடுக்கப் போனால் வரவில்லை. எலிப்பொறி மாதிரி, உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை.

டார்மன்ட் ஆன கணக்கின் அடையாளமே அதுதான். வரவு பெரும்பாலும் ஏறிவிடும், பற்று நிற்கும். உங்களுக்கு வரவும் ஏறவில்லை, அல்லது ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது என்றால், அது போலீஸ் அல்லது நீதிமன்ற உத்தரவால் வந்த முடக்கமாக இருக்கலாம். அதற்கு வழி வேறு. முதலில் கவுன்ட்டரில் "டார்மன்ட்டா, வேறு ஏதாவது காரணமா" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கைப் பார்த்து நான் ஏமாந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரிசையாக ஏறியிருந்தது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். வங்கி தானாகப் போடும் வட்டியும், தானாகப் பிடிக்கும் குறுஞ்செய்திக் கட்டணமும் நீங்கள் செய்த பரிவர்த்தனையாக எண்ணப்படாது. நீங்கள் செய்த, அல்லது நீங்கள் சொல்லி நடந்த பரிவர்த்தனை இரண்டு வருஷத்துக்கு மேல் இல்லை என்றால் அந்தக் கணக்கு செயல்படாத கணக்கு, அதாவது டார்மன்ட்தான். ஃபிக்சட் டெபாசிட் வட்டியை அந்தக் கணக்கில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால், அது உங்கள் பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ளப்படும்.

முதலில் கடலூரிலேயே, மஞ்சக்குப்பம் பக்கம் அதே வங்கியின் கிளைக்குப் போனேன். "ஹோம் பிராஞ்சுக்குப் போங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி எந்தக் கிளையிலும் கேஒய்சி கொடுத்துக் கணக்கை உயிர்ப்பிக்கலாம். அது தெரியாமல் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் பாண்டிக்கு இரண்டு தடவை போய் வந்தேன்.

இரண்டு தடவை ஆனதற்குக் காரணம் நான்தான். முதல் தடவை முகவரிக்கு ரேஷன் கார்டு கொண்டுபோனேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதைத்தானே நீட்டுவோம்? வங்கி கேஒய்சிக்கு அது செல்லாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். பான் அட்டையும் வேண்டும். பான் இல்லாதவர்கள் கிளையிலேயே படிவம் 60 வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். இவற்றோடு பாஸ்புக், ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ (இரண்டு எடுத்துப் போவது நல்லது), கணக்கை மீண்டும் இயக்கக் கேட்கும் படிவம், கேஒய்சி படிவம். ஜெராக்ஸில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், அசலும் கையில் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கூட்டுக் கணக்கு என்றால் எல்லாருடைய ஆவணமும் கேட்பார்கள்.

முகவரி எனக்குத் தலைவலி தரவில்லை. வங்கியில் பழைய முத்தியால்பேட்டை வாடகை வீடு, ஆதாரில் கடலூர் வீடு. ஆதாரில் இருப்பதுதான் இப்போதைய வீடு என்பதால் அதையே புதிய முகவரியாகப் பதிந்துகொண்டார்கள். உங்களுக்கு ஆதாரிலும் பழைய முகவரி என்றால், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீதோ குழாய் கேஸ் பில்லோ, இல்லை வீட்டு வரி ரசீதோ கொடுக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் முகவரி திருத்திய ஆதாரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

என்னை நிறுத்தி வைத்தது பெயர். வங்கியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையிலோ அப்பா பெயர் முழுசாக விரிந்து முதலில் நிற்கிறது. தமிழ்நாட்டுக்காரன் தலையெழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரச் சொன்னார்கள். இனிஷியல் தகராறு என்பதால் அதோடு விட்டார்கள். பெயரே மாறியிருந்தால் திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கேட்பார்கள்.

அடுத்தது கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த வயதில் வளைத்து வளைத்துப் போட்டது ஒன்று, இப்போது அவசரத்தில் கிறுக்குவது வேறொன்று. கவுன்ட்டரில் இருந்த அம்மா கணினியில் பழைய மாதிரியைத் திறந்து பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "இது உங்க கையெழுத்தா தம்பி?" என்றார். என்னுடையதுதான், ஆனால் என்னால் அதை மறுபடி போட முடியவில்லை. ஆதார் கைரேகை வைத்துச் சரிபார்த்து, புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதனால்தான் நேரில் போவது நல்லது என்கிறேன். சில வங்கிகளில் வீடியோ கேஒய்சி வசதி இருக்கிறது, ஆனால் இந்த மாதிரிச் சிக்கல் இருந்தால் கடைசியில் கவுன்ட்டருக்குத்தான் வரவேண்டியிருக்கும்.

போன் நம்பரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பழைய நம்பர் இப்போது உங்களிடம் இல்லை என்றால் அது வேறு யாரிடமாவது போயிருக்கலாம். ஓடிபி அவருக்குத்தான் போகும். நம்பர் மாற்றும் படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

காகிதம் முழுசாகக் கொடுத்தால் மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை கொடுத்தேன், வியாழன் மதியம் குறுஞ்செய்தி வந்தது. இதற்குக் கட்டணம் கிடையாது. கணக்கு செயல்படாத நிலைக்குப் போனபிறகு குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் பிடிக்கக்கூடாது. பாஸ்புக்கை அடித்து வாங்கி, இரண்டு வருஷம் முடிந்த தேதிக்குப் பிறகு அப்படி ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் திருப்பிக் கேளுங்கள். அதற்கு முன்னால் பிடித்ததைக் கேட்டுப் பயனில்லை.

ஏடிஎம் கார்டு காலாவதியாகியிருந்தது, அதற்குத் தனி விண்ணப்பம். முதல் 500 ரூபாயைக் கவுன்ட்டரில் சலான் எழுதித்தான் எடுத்தேன். யுபிஐயில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, புதிய கார்டு வந்தபிறகு மறுபடி சேர்த்தேன்.

நீங்கள் முதலில் கடலூர் கிளையிலேயே கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றால், ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம்.