கிடாய்க்கு மூத்திரம் அடைத்தால் தவிட்டின் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் கிடாய்க்கு வயது எட்டு மாதம், எடை சுமார் 30 கிலோ. இரண்டாம் மாதத்திலேயே காயடித்துவிட்டோம். தினமும் 400 கிராம் கோதுமைத் தவிடு, 200 கிராம் மக்காச்சோளம், கொஞ்சம் தாது உப்புக் கலவை, வைக்கோல் தருகிறோம். நேற்று மாலையிலிருந்து முக்கிக்கொண்டே இருக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை. மலச்சிக்கல் என்று எண்ணெய் புகட்டினேன். இன்று காலை இரண்டு சொட்டுச் சிவப்பாக மூத்திரம் வந்தது. தீவனக் கடைக்காரர் கல்லைக் கரைக்கும் டானிக் ஒன்று தருகிறார். எவ்வளவு கொடுக்கலாம்? இதே கொட்டிலில் இன்னும் நான்கு கிடாய்கள் இருக்கின்றன.

பதில்: டானிக் வேண்டாம். இதைப் படித்து முடிக்கும் முன்பே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாய்வழியாகக் கொடுக்கும் எந்த மருந்தும், குழாயில் இறுகி நிற்கும் கல்லை உங்கள் கிடாய்க்கு மிச்சமிருக்கும் நேரத்துக்குள் கரைத்துவிடாது. முழுமையாக அடைத்த மூத்திரப்பை ஓரிரு நாளில் வெடிக்கக்கூடும். உங்களுடைய கணக்கு நேற்று மாலையே தொடங்கிவிட்டது.

மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாததே அதிகம். தவிட்டையும் சோளத்தையும் உடனே நிறுத்துங்கள். தண்ணீரை எதிரில் வையுங்கள், ஆனால் வாய்க்குள் ஊற்றாதீர்கள். மூத்திரத்தைப் பெருக்கும் ஊசியை யாரேனும் போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள்; வெளியேற வழியில்லாத பையில் மேலும் நீரைச் சேர்ப்பது அதை வெடிக்க வைப்பதற்குச் சமம். வயிற்றை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முக்குவது திடீரென நின்று கிடாய் அமைதியாகப் படுத்தால், குணமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். “வலி நின்றுவிட்டது, நீங்கள் வர வேண்டாம்” என்று எனக்குச் சொல்லியனுப்பிய ஒருவரின் கிடாய், மறுநாள் இரு பக்கமும் வயிறு தொங்கிய நிலையில் கிடந்தது. பை வெடித்ததால்தான் வலி நின்றிருந்தது.

மருத்துவர் முதலில் கிடாயைப் பிட்டத்தில் உட்காரவைத்து, ஆண்குறியை வெளியே எடுத்து, அதன் நுனியில் புழுவைப் போல நீண்டிருக்கும் மெல்லிய குழலைப் பார்ப்பார். கற்கள் அடிக்கடி சிக்கும் இடம் அதுதான். அந்த நுனியை நறுக்கியதும் சில ஆடுகளில் மூத்திரம் அங்கேயே பீய்ச்சி அடிக்கும். பொலிகிடாயாக இருந்தாலும் இனப்பெருக்கத் திறன் இதனால் கெடாது. ஆனால் மிகச் சிறு வயதில் காயடித்த கிடாயில் ஆண்குறி உறையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதை வெளியே எடுப்பதே கடினமாக இருக்கலாம். கல் மேலே, குழாய் ‘எஸ்’ எழுத்தைப் போல வளையும் இடத்தில் நின்றால் நுனியை நறுக்குவதால் பயனில்லை. அப்போது வயிற்றுச் சுவர் வழியாக மூத்திரப்பையில் குழாய் பொருத்தும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நறுக்கியதும் மூத்திரம் வந்துவிட்டாலும் அடுத்த இரண்டு நாள் கண்காணியுங்கள், ஏனெனில் பையில் மிச்சமிருக்கும் கற்கள் மறுபடியும் இறங்கி அடைப்பது சகஜம்.

மலச்சிக்கல் என்று நினைத்தது உங்கள் தவறு மட்டுமல்ல, பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முக்கும் கிடாயின் வாலுக்குக் கீழே, ஆசனவாய்க்குச் சற்றுத் தாழ்வாக, தோல் விட்டுவிட்டுத் துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் அது மூத்திரக்குழாயின் போராட்டம். சந்தேகமிருந்தால் காய்ந்த சாக்கின்மேல் தனியாக நிறுத்தி ஒரு மணி நேரம் பாருங்கள். சாக்கு காய்ந்தே இருந்து, கிடாய் மட்டும் முக்கிக்கொண்டிருந்தால் எண்ணெய்ப் புட்டியை எடுக்க வேண்டாம்.

டானிக்கின் அளவைக் கேட்டீர்கள். தவிட்டின் அளவைக் கேட்டிருக்க வேண்டும். 400 கிராம் கோதுமைத் தவிட்டில் ஏறக்குறைய நாலரை கிராம் பாஸ்பரஸ் இருக்கும், கால்சியமோ அரை கிராம்தான் தேறும். 200 கிராம் மக்காச்சோளம் இன்னும் அரை கிராமுக்கு மேல் பாஸ்பரஸைச் சேர்க்கும், கால்சியம் என்று சொல்ல அதில் எதுவுமில்லை. ஆக உங்கள் கிடாய்க்குத் தினமும் அடர்தீவனத்தில் போவது சுமார் 5 கிராம் பாஸ்பரஸ், அரை கிராமுக்குச் சற்று அதிகமான கால்சியம். மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். உங்களிடம் அது எட்டில் ஒரு பங்கு. வைக்கோல் இந்தக் குறையை ஈடுகட்டாது.

இத்தனை பாஸ்பரஸும் ஏன் மூத்திரத்துக்குப் போகிறது என்பது கவனிக்கத்தக்கது. நார்த்தீவனத்தை அசைபோடும் ஆடு உமிழ்நீரை ஏராளமாகச் சுரக்கிறது. இரத்தத்தில் மிஞ்சிய பாஸ்பரஸ் அந்த உமிழ்நீர் வழியாகக் குடலுக்குச் சென்று புழுக்கையோடு வெளியேறுகிறது. தவிடும் சோளமும் வயிற்றை நிரப்பிவிட்டால் அசைபோடுவது குறைகிறது, பாஸ்பரஸ் சிறுநீரகத்தின் வழியைப் பிடிக்கிறது. காரத்தன்மை மிகுந்த மூத்திரத்தில் அது மக்னீசியம், அம்மோனியத்தோடு சேர்ந்து மணலாகப் படிகிறது.

இங்கேதான் கடைக்காரர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. தவிடு தின்னும் கிடாய்க்குக் கறவை மாட்டின் தாது உப்புக் கலவையை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் பெரும்பாலும் டைகால்சியம் பாஸ்பேட் இருக்கும்; கால்சியம் தருகிறோம் என்ற பெயரில் கூடவே பாஸ்பரஸையும் ஊட்டுகிறீர்கள். பையின் பின்புறத்தைப் படியுங்கள். பாஸ்பரஸ் சேர்த்திருந்தால் அது உங்கள் கொட்டிலுக்கு ஆகாது. கால்சியத்துக்குத் தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் போதும். நீற்றிய சுண்ணாம்பை அதன் இடத்தில் போட்டுவிடாதீர்கள், அது வாயையும் குடலையும் வேக வைத்துவிடும். அந்தத் தூளிலும் 38 சதவீத அளவே கால்சியம் உண்டு. உங்கள் தீவனத்தை அப்படியே வைத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டுமானால் தினம் 25 கிராம் தூள் கலக்க வேண்டும்; அவ்வளவு தூளை ஆடு விரும்பித் தின்னாது. ஆகவே தவிட்டை 100 கிராமுக்குக் குறையுங்கள், அந்த இடத்தைப் பயறு வகைச் செடிகளின் தழையால் நிரப்புங்கள், தூள் 5 கிராம் போதும். மாற்றத்தை ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள்.

அம்மோனியம் குளோரைடைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். மூத்திரத்தைப் புளிப்பாக்கி இவ்வகைக் கல் படியாமல் தடுப்பதில் அது உண்மையிலேயே உதவும். தீவனத்தில் அரை முதல் ஒரு சதவீதம் வரை சேர்ப்பார்கள். ஆனால் அடைத்த கல்லை அது திறக்காது, நீண்ட நாள் கொடுத்தால் அதன் வேகமும் குறையும். தவிட்டைக் குறைக்க மனமில்லாதவர்கள்தான் அதை நம்பி வாழ்கிறார்கள். மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன காலத்துக்குக் கொடுங்கள்.

அடுத்த முறை காயடிப்பதை நான்கைந்து மாதம்வரை தள்ளிப்போடுங்கள். விதை சுரக்கும் ஹார்மோன் இருக்கும்வரைதான் குழாய் சரிவர விரிந்து வளரும்.

மற்ற நான்கு கிடாய்களையும் இன்றே பாருங்கள். ஆண்குறி உறையின் நுனியில் உள்ள மயிரை விரல்களுக்கிடையே உருட்டினால் உப்புக்கல்லைப் போல நறநறவென்று ஏதேனும் தட்டுப்படும் கிடாயைத் தனியே பிரித்து, அதன் தவிட்டை இன்றைக்கே நிறுத்தி, வரும் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள்.