பிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே முடித்ததற்கு ஒரு சதவீதம் பிடித்தம்: திருப்பிக் கேட்க முடியுமா?

கேள்வி: 2024 ஜூலையில் ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாயை 3 வருட பிக்சட் டெபாசிட்டாகப் போட்டேன். வட்டி 7.1 சதவீதம். மனைவியின் ஆபரேஷனுக்காக 15 மாதத்தில் முடிக்க வேண்டியதாயிற்று. கணக்கில் வந்த பணம் எதிர்பார்த்ததைவிட எட்டாயிரத்துக்கு மேல் குறைவு. கேட்டால், "முன்கூட்டியே முடித்தால் 1 சதவீதம் பெனால்டி சார், எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார்கள். டெபாசிட் போட்ட அன்று இதை யாரும் சொல்லவில்லை, ரசீதிலும் இல்லை. வங்கிக்கு எழுதினால் கிடைக்குமா? எப்படி எழுதுவது?

பதில்: கேட்கலாம். ஆனால் எட்டாயிரம் முழுவதையும் கேட்காதீர்கள். அதில் ஒரு பகுதி பெனால்டியே அல்ல. இது புரியாமல் எழுதப்படும் கடிதங்களைத்தான் வங்கிகள் ஒரே வரியில் தள்ளிவிடுகின்றன. முப்பது வருடம் கவுண்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

டெபாசிட்டை இடையில் முடிக்கும்போது இரண்டு வெட்டு விழும். முதல் வெட்டு, வட்டி விகிதம் மாறுவது. நீங்கள் ஒப்புக்கொண்ட 7.1 சதவீதம் மூன்று வருடம் பணத்தை வைத்திருப்பதற்கான விலை. 15 மாதம்தான் இருந்தது என்றால், 15 மாத டெபாசிட்டுக்கு என்ன வட்டியோ அதுதான் கிடைக்கும். இது வங்கியின் தன்னிச்சை அல்ல, ரிசர்வ் வங்கியே வகுத்த விதி. இரண்டாவது வெட்டுதான் பெனால்டி. அந்தக் குறைந்த விகிதத்திலிருந்தும் இன்னும் அரையோ ஒன்றோ சதவீதம் கழிப்பார்கள். எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் முடிவு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் டெபாசிட் போட்ட அன்று அந்த வங்கியில் 15 மாதத்துக்கான வட்டி 6.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் கணக்கில், 7.1 சதவீதத்தில் 15 மாத வட்டி சுமார் 45,978 ரூபாய். 6.8 சதவீதத்தில் 43,970. ஒரு சதவீதம் கழித்து 5.8 சதவீதத்தில் 37,317. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,008 ரூபாய். இதைக் கேட்பதில் பயனில்லை. அடுத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6,653 ரூபாய். உங்கள் சண்டை இந்தத் தொகைக்குத்தான்.

கடிதம் எழுதும் முன் இதே கணக்கை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த விகிதத்தை எடுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலான வங்கிகளின் கொள்கைப்படி, டெபாசிட் தொடங்கிய நாளில் அந்தக் கால அளவுக்கு இருந்த வட்டியைத்தான் எடுக்க வேண்டும். முடிக்கும் நாளின் வட்டியை அல்ல. இடையில் வட்டி இறங்கியிருக்கும்போது யாராவது இன்றைய விகிதத்தைப் போட்டுவிட்டால் முதல் வெட்டே தேவைக்கு மேல் ஆழமாகிவிடும். அப்படி நடந்திருந்தால் அது வேறு பிழை. அதையும் தனியாகக் கேட்கலாம்.

சரி, 6,653 ரூபாயை எந்த அடிப்படையில் கேட்பது? டெபாசிட் வட்டி பற்றி ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஓர் உத்தரவு வெளியிட்டது. நீங்கள் டெபாசிட் போட்டபோது நடப்பில் இருந்தது அதுதான். பெனால்டி விதிக்க வங்கிக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் அதற்கென்று இயக்குநர் குழு ஏற்ற கொள்கை இருக்க வேண்டும், பெனால்டியில் என்னென்ன அடங்கும் என்பதை டெபாசிட்டை ஏற்கும் நேரத்திலேயே வாடிக்கையாளரின் கவனத்துக்குத் தெளிவாகக் கொண்டுவர வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. "ஏற்கும் நேரத்தில்" என்ற சொல்தான் உங்கள் பிடி. முடிக்கும் நேரத்தில் சொன்னது இதில் சேராது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், டெபாசிட்டை முடிக்கப் போகும்போது ஒரு படிவம் நீட்டுவார்கள். "பெனால்டிக்குச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி அதில் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தக் கையெழுத்தைக் காட்டி, "உங்களுக்குத் தெரியுமே" என்பார்கள். அது 2025-இல் போட்ட கையெழுத்து. 2024-இல் சொன்னதற்கு அது சாட்சி ஆகாது. (இன்னும் முடிக்காதவர்கள் அந்தப் படிவத்தில் "பெனால்டியை ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்லது.)

வங்கியின் அடுத்த பதில், "நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் எல்லாம் இருக்கிறது" என்பது. இங்கேதான் உங்கள் பக்கம் எவ்வளவு வலு என்பது தெரியும். டெபாசிட் போட்ட அன்றைய விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். அதில் "முன்கூட்டியே முடித்தால் 1 சதவீதம் கழிக்கப்படும்" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. படிக்காமல் போட்டேன் என்ற வாதம் நிற்காது. "வங்கி விதிகளின்படி பெனால்டி உண்டு" என்று மட்டும் இருந்தால் நிலைமை வேறு. எவ்வளவு என்று சொல்லாத வரி பெனால்டியைத் தெளிவாகத் தெரிவித்தது ஆகாது என்று நீங்கள் வாதாடலாம். என் கணிப்பில் பெரும்பாலான பழைய படிவங்கள் இந்த இரண்டாவது ரகம். "எங்கள் இணையதளத்தில் போட்டிருக்கிறோமே" என்பது அதைவிட பலவீனமான பதில். இணையதளத்தில் இருப்பதும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல.

மொபைல் ஆப்பில் போட்டவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். விதிமுறைகளை ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் செய்யாமல் டெபாசிட் தொடங்கியிருக்க முடியாது. அந்த விதிமுறையின் அன்றைய வடிவத்தைக் கேட்டு வாங்கி, அதில் விகிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆபரேஷன் கதையை விரிவாக எழுதாதீர்கள். இரக்கம் கேட்கும் கடிதத்துக்கு "வருந்துகிறோம்" என்றுதான் பதில் வரும். கிளை மேலாளருக்கு எழுதி, புகார்களைக் கவனிக்கும் வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"என் பெயரில் இருந்த (எண்) பிக்சட் டெபாசிட் 2024 ஜூலை (தேதி) அன்று தொடங்கி, 2025 அக்டோபர் (தேதி) அன்று முடிக்கப்பட்டது. 15 மாதத்துக்கு உரிய 6.8 சதவீத வட்டியை நான் ஏற்கிறேன். அதற்கு மேல் 1 சதவீதம் பெனால்டியாகக் கழிக்கப்பட்ட 6,653 ரூபாயை மட்டுமே ஆட்சேபிக்கிறேன். டெபாசிட்டை ஏற்ற நேரத்தில் இந்தப் பெனால்டி எனக்கு வாய்மொழியாகவோ எழுத்திலோ தெரிவிக்கப்படவில்லை. எனக்குத் தரப்பட்ட ரசீதிலும் இல்லை (நகல் இணைப்பு). ரிசர்வ் வங்கியின் டெபாசிட் வட்டி விகித உத்தரவு, 2016, இதை அந்த நேரத்திலேயே தெரிவிக்கச் சொல்கிறது. எனவே இத்தொகையை என் சேமிப்புக் கணக்கில் திருப்பி வரவு வைக்கக் கோருகிறேன். மறுப்பதானால், டெபாசிட் தொடங்கிய நாளில் பெனால்டி விகிதம் எனக்குத் தெரிவிக்கப்பட்டதைக் காட்டும், நான் கையெழுத்திட்ட ஆவணத்தின் நகலைப் பதிலுடன் இணைக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "சொன்னோம்" என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் காகிதம் கேட்டுவிட்டால் கிளையில் யாராவது பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாக வேண்டும். எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் மேலாளரே மண்டல அலுவலகத்துக்குத் திருப்பித் தரப் பரிந்துரைப்பார். பெனால்டியைக் கழித்தது கம்ப்யூட்டர், அதை மாற்ற மேலிட அனுமதி வேண்டும், அந்தக் கோப்புக்கு அவருக்கு ஒரு காரணம் தேவை. உங்கள் கடிதம்தான் அந்தக் காரணம்.

இதோடு இன்னொன்றும் பாருங்கள். மூத்த குடிமக்களுக்கோ மருத்துவக் காரணத்துக்கோ பெனால்டியைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு சில வங்கிகளின் கொள்கையில் உண்டு. உங்கள் வங்கியில் இருந்தால், "மாற்றாக" என்று தொடங்கி ஒரே வரியில் கடிதத்தின் அடியில் சேர்த்து, ஆஸ்பத்திரி பில்லின் நகலை இணைக்கலாம். அதை முதலில் வைத்தால், உரிமையாகக் கேட்டது சலுகையாகக் கேட்டது போல் ஆகிவிடும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் புகார் எண் வர வேண்டும். 30 நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்தால் போதும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இணையம் பழக்கமில்லை என்றால் 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, வங்கிக்கு எழுதினீர்களா, எப்போது என்பதுதான். முத்திரை வாங்கிய நகல் இல்லாமல் போனால் புகார் வாசலிலேயே நின்றுவிடும். இதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்திலும் போட்டுவிட்டு இங்கே வந்தாலும் எடுக்கமாட்டார்கள். 6,653 ரூபாய்க்கு ஓம்புட்ஸ்மேன் வழியே போதும் என்பது என் கருத்து.

தபால் அலுவலக டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே முன்கூட்டியே முடிப்பதற்கான கழிவு அரசின் திட்ட விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.