குன்னூர் ஹோட்டல் திறப்பு: ஆட்டோ அறிவிப்பு வாசகம்

"ஞாயிறன்று குடும்ப உணவகம் திறக்கிறோம். பக்கத்து வீடுகளுக்கு ஆட்டோவில் ஒலிபரப்ப எழுதிய டீசர் ஒரு நிமிடம் வருகிறது. எப்படிச் சுருக்குவது?"

15 நொடிக்குள் கொண்டுவாங்க. நம்ம மலை ரோட்டில் ஆட்டோ ஒரு வளைவு திரும்பினாலே குரல் அமுங்கிடும். வாசலில் நிற்கிறவர் காதில் விழுவது ரெண்டு மூணு வாக்கியம்தான். அதனால் வரவேற்புரையைத் தூக்கிட்டு இடத்தை முதலில் சொல்லுங்க:

"பெட்ஃபோர்டில் புதுக் குடும்ப ஹோட்டல்! ஞாயிறு மதியம் 12 முதல் 3 வரை, நாலு பேர் சாப்பிட்டா ஒரு சாப்பாடு இலவசம். உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு மட்டும். பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டு வாங்க!"

அந்த 'மட்டும்' விட்டுப்போனா, பார்சல் வாங்க வந்தவரோட கல்லாவில் தகராறுதான். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருக்கு, தூக்குவாளி வரியையும் வெட்டாதீங்க. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி முன்னாடியே வாங்கிடுங்க.