மிளகாய்த் தூள் சேலஞ்சும் சத்துமாவு பாக்கெட்டும்

"தண்டையார்பேட்டையில் எட்டு வருஷமாக மீன் குழம்பு மசாலா, வறுவல் மசாலா, சத்துமாவு அரைத்து விற்கிறேன். மூன்றும் ஒரே பெயரில்தான். இன்ஸ்டாகிராம் பக்கத்தை என் அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். இப்போது ஒரு கார சேலஞ்ச் ஓடுகிறதாம். வறுவல் மசாலாவை மூன்று ஸ்பூன் வெறும் வாயில் போட்டு, தண்ணீர் குடிக்காமல் ஒரு நிமிடம் தாங்க வேண்டும். பிறகு மூன்று பேரை அழைக்க வேண்டும். 'ரெண்டு நாள்ல போட்டுடணும் அத்தை, இல்லேன்னா பழசாயிடும்' என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்வது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

அன்புச் சகோதரிக்கு,

போட வேண்டாம். காரணத்தை உங்கள் மருமகனிடம் நீங்களாகச் சொல்வதைவிட, அவனே கண்டுபிடிக்கும்படி செய்வது நல்லது. அதற்கு அரை மணி நேரமும் ஒரு தாளும் போதும்.

ஆர்டர் எடுக்கும் வாட்ஸ்அப்பைத் திறந்து, போன மாதம் வாடிக்கையாளர்கள் எழுதியதையெல்லாம் அவனைப் படிக்கச் சொல்லுங்கள். விலை, முகவரி எல்லாம் வேண்டாம். பொருளைப் பற்றி அவர்கள் சொன்ன சொற்களை மட்டும் தாளின் இடது பக்கம் எழுதட்டும். வீட்டு மசாலா விற்பவர்களின் செய்திகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். "காரம் அளவா இருக்கு", "சின்னவனும் சாப்பிட்டான்", "எங்க ஆயா வச்ச கொழம்பு மாதிரியே இருக்கு" என்பது போலத்தான் பெரும்பாலும் இருக்கும். விளம்பரக்காரர்கள் பிராண்ட் இமேஜ் என்று சொல்வது இதைத்தான். லோகோவின் நிறத்தில் அது இல்லை. உங்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல ஒருத்தி வைத்திருக்கும் அந்த நாலு சொல்லில் இருக்கிறது.

இப்போது வலது பக்கம். சேலஞ்சின் பெயரைச் சொல்லாமல், அந்த வீடியோவில் யார் எதைச் செய்கிறார்கள், பார்ப்பவருக்கு எதில் ரசனை என்பதை ஒரே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இப்படி வரும்: "ஒரு பையன் நம்ம மசாலாவைத் தின்னுட்டுத் துடிக்கிறான், அவன் துடிக்கிறதைப் பார்த்து ஜனங்க சிரிக்கிறாங்க." இதை இடது பக்கத்துச் சொற்களோடு சேர்த்து வாய்விட்டு வாசித்தால் போதும், உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்பது அவனுக்கும் விளங்கிவிடும். எந்த சேலஞ்சிலும் பொருளுக்கு ஒரு வேஷம் உண்டு. இதில் உங்கள் மசாலாவுக்குக் கிடைப்பது துன்புறுத்தும் வேஷம். தாங்க முடியாத காரத்தையே சரக்காக விற்கும் சிப்ஸ் கம்பெனிக்கு அது பொருந்தலாம், அதன் வாடிக்கையாளர் அதற்காகவே வருகிறார். உங்களிடம் வருபவர் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா வாங்கிக்கொண்டு, பிள்ளைகளும் சாப்பிடுகிற மாதிரி ஒரு குழம்பு வைக்க வருகிறார். இன்னொன்று, மூன்று பொருளுக்கும் ஒரே பெயர் என்கிறீர்கள். ஒரு வயசுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச சத்துமாவு பாக்கெட்டைக் கையில் எடுக்கிற தாய்க்கு, அதே பெயரைப் பார்த்ததும் நேற்று பார்த்த வீடியோவில் கண் சிவந்து இருமியவன் நினைவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இந்த வீடியோவால் அதிகம் அடிபடுவது வறுவல் மசாலா அல்ல, சத்துமாவுதான்.

இந்தத் தாள் வேலையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2016 கடைசியில், எல்லோரும் பொம்மை போல அசையாமல் நிற்க, கேமரா மட்டும் நடுவில் நகர்ந்து போகும் மேனக்வின் சேலஞ்ச் உலகமெங்கும் ஓடியது. அப்போது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கடை, பொம்மை, இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். விற்பனைப் பெண்கள் புடவையை விரித்துப் பிடித்தபடியும் பில் போட்டபடியும் அசையாமல் நிற்க, நன்றாகவே படம் பிடித்தோம். முதல் நாள் பாராட்டு வந்தது. இரண்டாம் நாள் ஒரு பெண் கீழே எழுதினார்: "தினமும் பன்னெண்டு மணி நேரம் நிக்க வைக்கிறீங்க, இப்ப அசையவும் கூடாதா?" அதன் கீழே வரிசையாக, ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் கால் வீக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். சேலஞ்சில் எந்தத் தப்பும் இல்லை. அதே வீடியோவை ஒரு பள்ளிக்கூடமோ கால்பந்து கிளப்போ எடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் தொழிலைப் பற்றி ஜனங்கள் மனதில் ஏற்கெனவே கிடந்த மனக்குறைமேல் போய் அது உட்கார்ந்தது. அதனால் தாளின் அடியில் இன்னொரு வரியும் எழுதுங்கள்: நம் தொழிலைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கும் சந்தேகம் எது? மசாலாத் தொழிலில் அது கலப்படமும் வயிற்றுக் கோளாறும். மசாலா தின்றவன் துடிக்கிற வீடியோ நேராக அதில்தான் போய் விழும். "என்னத்தக் கலந்தாங்களோ" என்று ஒருவர் விளையாட்டுக்கு எழுதினால் போதும்.

அடுத்து, உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் இதை யார் செய்து பார்ப்பார்கள்? என்னை அதிகம் பயமுறுத்துவது இந்தக் கேள்விதான். உங்கள் மருமகன் சொல்வது புதிசு அல்ல. ஒரு ஸ்பூன் பட்டைத் தூளைத் தண்ணீர் இல்லாமல் அறுபது நொடிக்குள் விழுங்கும் சேலஞ்ச் அமெரிக்காவில் ஓடியது, 2013-ல் குழந்தை மருத்துவர்கள் அதை எச்சரித்து எழுதினார்கள். உலர்ந்த தூள் தொண்டையில் ஒட்டும், இருமல் வரும், இருமலுக்கு நடுவே மூச்சை உள்ளே இழுக்கும்போது தூள் மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் போகும். பட்டைத் தூளே அப்படி என்றால் மிளகாய் சேர்ந்த தூள் எப்படி இருக்கும்? குழம்பில் கொதித்த மசாலாவும் வெறும் வாயில் போட்ட மசாலாவும் ஒன்றல்ல. நீங்கள் அரைப்பது எண்ணெயிலும் புளியிலும் வேகத்தான்.

'பெரியவர்களுக்கு மட்டும்' என்று எழுதிவிடலாமே என்பான். பாக்கி என்ற அமெரிக்கக் கம்பெனி கரோலினா ரீப்பர் மிளகாய் தடவிய ஒற்றைச் சிப்ஸை, சவப்பெட்டி வடிவ அட்டைப் பெட்டியில் வைத்து சேலஞ்சாக விற்றது. பெரியவர்களுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் அதைத் தின்ற 14 வயதுப் பையன் இறந்துபோனான். அவனுக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, ஆனால் அது வீட்டில் யாருக்குத் தெரிந்திருக்கும்? கம்பெனி அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுத்தது. உங்கள் பாக்கெட் இருப்பது பூட்டிய அலமாரியில் இல்லை, அடுப்பங்கரைத் தட்டில், பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில். நம் நாட்டிலும் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரங்களைத் தடுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல்கள், பிள்ளைகளுக்கு ஆபத்தான செயல்களைத் தூண்டும் விளம்பரத்தைக் கூடாது என்கின்றன. உங்கள் பக்கத்தில் வேண்டாம், என் பக்கத்தில் போடுகிறேன் என்றாலும் பாக்கெட்டைக் காட்டினால் அது உங்கள் விளம்பரம்தான்.

எந்த சேலஞ்ச் வந்தாலும் மேலே மிதக்கும் நாலு வீடியோவோடு நிற்காமல், புதிதாக வந்தவற்றில் இருபதையாவது கீழே உள்ள கருத்துகளோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2014-ல் டிஜியோர்னோ என்ற அமெரிக்கப் பீட்சா பிராண்ட், பரவலாக ஓடிய ஒரு ஹாஷ்டேக் எதைப் பற்றியது என்று பாராமலே பீட்சா வரியைப் போட்டது. அடிக்கிற கணவனோடு ஏன் வாழ்ந்தோம் என்று பெண்கள் வலியோடு எழுதிக்கொண்டிருந்த இடம் அது. பிறகு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். பாட்டையும் பாருங்கள். வீட்டுப் பையன் போடும் ரீலில் ஓடும் சினிமாப் பாட்டை வியாபாரக் கணக்கில் போட உரிமை வேண்டும்.

ரெண்டு நாள் கணக்குக்கு வருகிறேன். அந்த வீடியோவைக் கோயம்புத்தூரிலும் குவைத்திலும் பார்ப்பார்கள். நீங்கள் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுப்பது திருவொற்றியூருக்கும் பெரம்பூருக்கும் நடுவில் என்றால், அந்தப் பார்வைகளில் எத்தனை ஆர்டராக மாறும் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வராத ஆர்டருக்காக இருக்கிற ஆர்டரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் பையனின் ஆசையை அப்படியே அணைத்துவிடாதீர்கள். 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சேலஞ்ச் ஓடியபோது, ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி, ஏழைக்கு ஒரு வாளி அரிசி கொடுத்துவிட்டு நண்பர்களை அழையுங்கள் என்று மாற்றினார். ஒருவர் செய்து அடுத்தவரை அழைக்கும் வடிவம் அப்படியே இருந்தது, செயல் மட்டும் நம் ஊருக்கு ஏற்றதாக மாறியது. நீங்களும் ஒரு நிமிடத்தையும் மூன்று பேரை அழைப்பதையும் வைத்துக்கொண்டு செயலை மாற்றலாம். காசிமேட்டில் காலமெல்லாம் மீன் விற்ற ஓர் அம்மாவின் கண்ணைத் துணியால் கட்டி, தட்டில் ஐந்து மீன் வையுங்கள்: சங்கரா, வவ்வால், கவலை, நெத்திலி, வஞ்சிரம். கையால் தொட்டே பெயர் சொல்ல வேண்டும், கூடவே எதைக் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் மருமகன் அடுத்து உட்கார்ந்து தோற்கட்டும். அழைக்கும் மூன்று பேர் உங்கள் தெரு மருமகள்களாக இருக்கட்டும். கடைசியில் சட்டி கொதிக்கும்போது பாக்கெட் தானாக வரும். இந்த வீடியோவை அதே தாளின் வலது பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: "மீன் தெரிஞ்ச பொம்பளைங்க நம்ம மசாலாவுல கொழம்பு வைக்கிறாங்க." இடது பக்கத்தோடு ஒட்டும்.

அந்த அம்மாவிடம் முன்கூட்டியே விவரம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வியாபாரம் சூடாக நடக்கும் விடிகாலையில் போகாமல் வெயில் ஏறிய பிறகு போங்கள், அரை நாள் வருமானத்துக்குக் குறையாமல் கையில் கொடுங்கள். வீடியோவை முதலில் அவருக்குக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு பக்கத்தில் ஏறட்டும்.