ஸ்டென்டா, மருந்தா? அம்மாவைக் கேட்டீர்களா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னதால் ஆஞ்சியோ எடுத்தோம். ஒரு ரத்தக் குழாயில் 80 சதவீத அடைப்பு. "அவசரம் ஒன்றும் இல்லை. மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்க்கலாம், ஸ்டென்டும் வைக்கலாம். கலந்து பேசி முடிவு செய்வோம்" என்கிறார் டாக்டர். இவ்வளவு படித்தவரே எங்களைக் கேட்டால் நாங்கள் யாரைக் கேட்பது? அம்மா வேறு, "மொட்டை மாடிக்குப் போய் வடாம் காய வைக்கலாமா?" என்று கேட்டு அவர் நேரத்தை வீணடித்தார். நான்தான் சும்மா இருக்கச் சொன்னேன். ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று நானும் அமெரிக்காவில் இருக்கும் அண்ணனும் தீர்மானித்துவிட்டோம். டாக்டர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாரா? வேறு டாக்டரைப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்

பதில்: தம்பி, அன்று அந்த அறையில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி உங்கள் அம்மா கேட்டதுதான். அதைத்தான் நீங்கள் அடக்கிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் அடைப்பு 80 சதவீதம் என்று இருக்கிறது. அம்மாவுக்கு வாரத்தில் எத்தனை முறை நெஞ்சை அடைக்கிறது, எத்தனை படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று ஒரு வரி இல்லை. ரத்தக் குழாயை விரித்து வைக்கும் கம்பி வலையான ஸ்டென்ட் வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் இந்த விவரங்களில்தான் இருக்கிறது. இவை ஆஞ்சியோ படத்தில் தெரியாது. உங்கள் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறந்தபோது சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, அமெரிக்காவுக்குப் போன் போட்டிருக்கிறீர்கள்.

சாக்கடைக் குழாயில் அடைப்பு எடுப்பதைப் போலத்தான் நம்மில் பலர் ஸ்டென்டை நினைக்கிறோம். அடைப்பை எடுத்துவிட்டால் மாரடைப்பு வராது, ஆயுள் நீளும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. அதாவது நடந்தால், ஏறினால் மட்டும் வலி வந்து, உட்கார்ந்தால் போய்விடுகிறவர்களுக்கு. மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், ரத்தக் குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவம் திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடுகிறது. வெடிக்கும் இடம் 80 சதவீத அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தில் சின்னதாகத் தெரியும் இடமாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் விரித்து வைக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும்தான் எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து வேலை செய்கின்றன. ஸ்டென்ட் வைத்தாலும் அந்த மாத்திரைகள் நிற்காமல் தொடர்வது அதனால்தான்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. ISCHEMIA என்ற பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. பல நாடுகளைச் சேர்ந்த 5,179 நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோ எடுத்து, தேவைக்கேற்ப ஸ்டென்டோ பைபாஸோ செய்தார்கள். மீதிப் பேருக்கு முதலில் மருந்து மட்டும். அதற்கு அடங்காவிட்டால்தான் மற்றது. சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்று மேல் கவனித்ததில், முதல் குழுவில் இறந்தவர்கள் 145 பேர், இரண்டாவது குழுவில் 144 பேர்.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? இல்லவே இல்லை. அதே ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறையாவது நெஞ்சு வலி வந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, முதல் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலியே இல்லை. மருந்தோடு நின்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்படி. வலி அபூர்வமாக வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இந்த லாபம் பெரிதாக இல்லை. உங்கள் அம்மா நிலையில் ஸ்டென்ட் தரக்கூடியது வலியில்லாமல் நடமாடும் வசதி. மொட்டை மாடிக்கு ஏற முடியுமா என்று கேட்டாரே, அதைத்தான் கேட்டார். டாக்டர் ஐந்து நிமிடம் விளக்க வேண்டிய விஷயத்தை ஒரு வரியில் கேட்ட பெண்மணியை நேரத்தை வீணடித்தார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

டாக்டர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை. எந்த வழியில் எவ்வளவு லாபம், எவ்வளவு ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். எந்த லாபத்துக்காக எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேஜையில் சேர வேண்டும். "வைத்துவிடுங்கள்" என்று சொல்லி இரண்டே நாளில் அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபம். பேசலாம் என்று உட்கார்ந்தாரே, அந்த மனிதரை மாற்றிவிடாதீர்கள்.

ஆனால் பேச்சு என்றால், இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்து, வழக்கமாக ஆறு மாதம், சிலருக்குக் கூடவோ குறைவாகவோ சாப்பிட வேண்டும். இடையில் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். அது உயிருக்கே ஆபத்து. சாப்பிடும் காலத்தில் லேசாக இடித்தாலும் கன்றிப் போகும், அல்சர் இருந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். முழங்கால் ஆபரேஷனுக்கு அம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஸ்டென்ட் வைக்கும்போதே மாரடைப்பு வருவதும் உண்டு. அரிது, ஆனாலும் உண்டு.

மருந்து வழியும் சும்மா வராது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையால் சிலருக்கு அசதி வரும். ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையால் தலைவலி வரும், சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். இத்தனையும் சாப்பிட்டும் வலி அடங்காமலோ வேறு காரணத்தாலோ, பிறகு ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் அந்த ஆய்வின் மருந்துக் குழுவில் நான்கு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதை இப்படியும் பார்க்கலாம்: மற்ற நால்வருக்கு அது தேவைப்படவில்லை. மருந்தில் தொடங்கியதால் ஸ்டென்டின் கதவு மூடிவிடவும் இல்லை.

வாரம் நான்கு முறை வலி வந்து, படியைப் பார்த்தாலே பயப்படுகிற ஒருவர், "மாத்திரையெல்லாம் பழகிக்கொள்வேன், எனக்கு ஏற முடிய வேண்டும்" என்றால் ஸ்டென்ட் நியாயமான முடிவு. மாதத்தில் ஒரு முறை வேகமாக ஏறினால் மட்டும் வலிக்கிற ஒருவர், "மெதுவாக ஏறிக்கொள்கிறேன், உடம்புக்குள் கம்பி வேண்டாம்" என்றால் அதுவும் நியாயமான முடிவு. உங்கள் அம்மா இதில் யார்? உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலே தீர்மானித்துவிட்டீர்கள்.

பெற்றவளைக் கவனிப்பது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பில் கட்டுவது, ராத்திரி பக்கத்தில் படுப்பது எல்லாம் நீங்கள் செய்தே ஆக வேண்டியவை. ஆனால் செலவு செய்கிறவன்தான் தீர்மானிப்பான் என்ற நினைப்பு நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன். ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேப் வாசலில் மகனைக் கூப்பிட்டு, திரையில் அடைப்பைக் காட்டி, "இப்போதே வைத்துவிடலாமா?" என்று கேட்டதும் பயத்தில் தலையாட்டிவிட்டு வந்தவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. உள்ளே மேஜையில் படுத்திருப்பவர் பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் இருப்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிச் செய்த ஆபரேஷன் பற்றிய வழக்கில், அவசரம் இல்லாதபோது, வயதுவந்து தெளிவாக இருக்கும் நோயாளிக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

சரி, இனி செய்ய வேண்டியது. ஒரு சின்ன நோட்டு வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். வலி வந்த நாள், என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நிமிடம் இருந்தது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தேவைப்பட்டதா என்பதை அவரே எழுதட்டும். மருந்தைக் கூட்டிச் சில வாரம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறை அவர் எதிரில் இருக்கும் நாற்காலியில் அம்மா உட்காரட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. அடைப்பு இடது பக்கத்து முதன்மைக் குழாயில் இருக்கிறதா? எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எவ்வளவு? முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும், இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உங்கள் அம்மா அந்த ரகம் என்றால் மேலே நான் சொன்ன கணக்கு அவருக்குச் செல்லாது. அவசரம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகு அம்மா எதைச் சொல்கிறாரோ அதை அண்ணனிடம் அம்மாவே சொல்லட்டும்.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே அடிக்கடி வர ஆரம்பித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வியர்த்துக்கொட்டி, சில நிமிடம் உட்கார்ந்தும் வலி விடவில்லை என்றால் அது வேறு நோய், மாரடைப்பாக இருக்கலாம். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும். அப்போது நோட்டும் வேண்டாம், கலந்து பேசவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.