தகரப்பெட்டிக் கடிதங்களை அடிக்குறிப்பில் காட்டுவது: கேள்வி பதில்

முதுகலை மாணவி: தாத்தா பினாங்கிலிருந்து தேவகோட்டைக்கு ஆச்சிக்கு எழுதிய கடிதங்கள் பெட்டியில் கிடைத்தன. அடிக்குறிப்பு எப்படி எழுதுவது? ஒன்றில் ‘பார்த்திப ௵ தை ௴ 12 ௳’ என்று இருக்கிறது. 1945 என்று போட்டுவிட்டேன்.

1945 தவறு. பார்த்திப வருடம் 1945 சித்திரையில் தொடங்கியது. அதன் தை மாதம் 1946 ஜனவரியில் வருகிறது. தை, மாசி, பங்குனிக் கடிதங்களில் இந்த ஒரு வருடப் பிழை வந்துகொண்டே இருக்கும். அறுபது வருடச் சுற்று என்பதால் பார்த்திப என்ற பெயர் மட்டும் போதாது, 1886லும் ஒரு தை பார்த்திபவில்தான் வந்தது. உங்கள் தாத்தா விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. உறை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஜப்பானியர் போனபின், பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் காலத்தில், மலாயாத் தபால்தலைகளில் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று மேலச்சு இருந்தது. அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் தேதிக்கு நல்ல சாட்சி.

அடிக்குறிப்பை இப்படி அமையுங்கள்: எழுதியவர் முழுப்பெயர், பெறுநர் பெயர், ‘கடிதம், பினாங்கு, பார்த்திப வருடம் தை 12 [1946 ஜனவரி இறுதி வாரம்], உறை எண் 17, குடும்பத் தொகுப்பு, தேவகோட்டை’. சதுர அடைப்பு உங்கள் கணக்கைக் காட்டுகிறது, கடிதத்தில் உள்ளது வெளியே நிற்கிறது. பஞ்சாங்கத்தில் ஒத்துப்பார்த்துச் சரியான நாளை அப்புறம் போடலாம். உறை எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். கடிதத்தின்மீது எழுதாதீர்கள், கடிதத்தை வைக்கும் புது உறையின்மீது பென்சிலால் எழுதுங்கள். ‘தாத்தா’ என்ற சொல் அடிக்குறிப்பில் வேண்டாம். அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதை முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிட்டால் சரி.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்பாவின் டைரியைக் கரையான் அரிக்கிறது. என்ன மருந்து?

என் துறை இல்லை, ஐயா. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள்.

வழக்கறிஞர் குமாஸ்தா: பெட்டி என் வீட்டில் இருக்கிறது, கடிதம் என் அம்மாவுக்கு வந்தது. முழுசாக அச்சிட யாரிடம் அனுமதி கேட்கணும்? எழுதியவர் இறந்து 60 வருடம் ஆகிவிட்டது.

தாள் உங்களுடையது. வார்த்தைகளின் உரிமை எழுதியவருடையது, அவருக்குப்பின் அவர் வாரிசுகளுடையது. அந்த 60 வருடம், எழுதியவர் உயிரோடு இருந்தபோதே வெளியான எழுத்துக்கு. அவர் இறந்தபின் முதன்முதலாக வெளியானால், வெளியான பின்தான் 60 எண்ணத் தொடங்கும். அச்சேறாத கடிதத்துக்குக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அவரே: 60 வருடம் கடந்தால் ஆய்வுக்கு எடுத்து அச்சிடலாம் என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே!

இருக்கிறது, பாதிதான் படித்திருக்கிறீர்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடத்தில் உள்ள கையெழுத்துப் பிரதிக்கு அந்த விலக்கு. உங்கள் வீட்டுப் பரண் அதில் சேராது.

இன்னொருவர்: அப்படியென்றால் நாலு வரி மேற்கோளுக்கும் வாரிசு எல்லோரையும் தேடணுமா? பங்காளிகள் 23 பேர்!

வேண்டாம். ஆராய்ச்சி, விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. எத்தனை வரி என்று சட்டம் எண் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். முழுக் கடிதமும் அச்சாவதென்றால் 23 பேரையும் பாருங்கள்.

குமாஸ்தா: எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கேட்கும்வரை கேட்பதில்லை.

ஆய்வு மாணவர்: அத்தை டைரியைக் கையில் தரவில்லை, வாசித்துக் காட்டினார். டைரி என்றே குறிக்கலாமா?

கூடாது. எத்தனை முறை சொன்னாலும் போதாது: கையில் பிடித்ததை மட்டும் குறியுங்கள். உங்களுக்குக் கிடைத்தது அத்தையின் வாசிப்பு; ‘டைரியிலிருந்து இன்னார் வாசித்துக் காட்டியது, நேர்காணல், இன்ன தேதி’ என்று எழுதுங்கள். அவர் தாண்டிப்போன பக்கங்கள் உங்களுக்குத் தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் புதுச்சேரியில் குடும்பத்தின் வசம் கிடந்ததுதான். 1846இல் அது கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. பின்னால் மூலத்தில் சில பகுதிகள் காணாமல் போயின, அந்த இடங்களில் படிதான் கதி. அங்கே மூலத்தைப் பார்த்தது போலக் குறித்தால், படியெடுத்தவர் கைப்பிழை பிள்ளையின் பிழையாகிவிடும்.

கல்லூரி மாணவர்: கடிதத்தை அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவது?

முதல் பதில்.

இன்னொரு மாணவர்: மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதுமா?

நீங்கள் பார்த்தது படம், அப்படியே எழுதுங்கள். பின்பக்கத்தையும் உறையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குடும்பத் தலைவி: கடிதத்தில் பெரியப்பாவின் கடன் விவகாரம் இருக்கிறது. பெயரை மறைக்கச் சொல்கிறார்கள்.

‘குடும்ப வேண்டுகோளின்படி பெயர் நீக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு மறைப்பேன். என் ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். மறைப்பதாக இருந்தால் அந்தக் கடிதத்தையே தொடாதே என்பார். இன்றுவரை எங்களுக்குள் அது தீரவில்லை.

முதல் மாணவி: உறை கிடைத்துவிட்டது! ஆனால் தபால்தலையை மாமா சின்ன வயதில் வெட்டி எடுத்துவிட்டாராம். முத்திரையும் சேர்ந்து போய்விட்டது.

தேதிக்குப் பக்கத்தில் ‘எழுதியவர் குறித்தபடி’ என்று சேருங்கள். மாமாவிடம் அந்த ஆல்பம் இன்னும் இருக்கிறதா?