பழைய கார் வாங்க வாகனக் கடனா, தனிநபர் கடனா?

கேள்வி: 2018 மாடல் கார் ஒன்றை 5.4 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். நான்கு ஆண்டுக் கடன் வேண்டும். டீலர் 8 சதவீதத்தில் 4 லட்சம் வாகனக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சம்பளக் கணக்கு உள்ள வங்கியோ தனிநபர் கடனுக்கு 12.5 சதவீதம் கேட்கிறது. எதை எடுக்கலாம்? ஒரே ஆளுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: டீலர் சொல்லும் 8 சதவீதம் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். பழைய கார் கடன்களில் பல, ஃபிளாட் வட்டியில் பேசப்படுகின்றன. அதாவது, மாதாமாதம் நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 4 லட்சத்துக்கும் நான்கு ஆண்டுகள் கணக்கிடப்படும். அப்படியானால் வட்டி 1,28,000 ரூபாய், மாதத் தவணை 11,000 ரூபாய். மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறைக்கு இதை மாற்றிப் பார்த்தால், ஏறத்தாழ 14.3 சதவீதம் வருகிறது. உங்கள் வங்கியின் 12.5 சதவீதம் குறையும் அசலுக்கான வட்டி என்றால், அதே 4 லட்சத்துக்குத் தவணை சுமார் 10,630 ரூபாய்தான். நான்கு ஆண்டில் தனிநபர் கடனுக்குச் சுமார் 17,700 ரூபாய் குறைவாகக் கட்டுவீர்கள்.

பிணை உள்ள கடனுக்குத்தானே வட்டி குறைய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பொதுவாக அது சரிதான். வாகனக் கடனில் கடன் கொடுத்தவரின் பெயர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவின்படி ஆர்.சி.யில் பதிவாகிறது, அவருடைய சம்மதம் இல்லாமல் காரை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, தவணை நின்றால் ஒப்பந்தப்படி அவர் வண்டியைக் கைப்பற்றவும் வழி உண்டு. தனிநபர் கடனில் அவருக்குப் பிடிமானம் உங்கள் சம்பளமும் கிரெடிட் ஸ்கோரும் மட்டுமே. கட்டாமல் விட்டால் வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, தனிநபர் கடன் உள்ளிட்ட நுகர்வோர் கடன்களுக்கு வங்கிகள் எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் ரிஸ்க் அளவை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக உயர்த்தியபோது, வாகனக் கடனை அதிலிருந்து விலக்கியது.

ஆனால் பழைய கார் அவ்வளவு உறுதியான பிணை அல்ல. அதன் விலை ஆண்டுதோறும் இறங்கும், உண்மை நிலை வெளியே தெரியாது, கைப்பற்றினாலும் ஏலத்தில் என்ன விலை போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கடன் நிறுவனம் தன் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் காருக்கு 5 லட்சம் போட்டு, நிறுவனம் அதில் 80 சதவீதம் தருவதாக இருந்தால், நீங்கள் 5.4 லட்சத்துக்குப் பேசியிருந்தாலும் கிடைப்பது 4 லட்சமே. கடன் முடியும்போது காரின் வயது ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பதும் இதே கணக்கில் வருவது. புதிய கார் கடனைவிடப் பழைய கார் கடனின் வட்டி கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம். நிலையான சம்பளமும் நல்ல ஸ்கோரும் உள்ளவருக்குச் சில நேரங்களில் அவரது சொந்த வங்கியின் தனிநபர் கடன் இதைவிட மலிவாகிவிடுகிறது. டீலரின் 8 சதவீதம் ஃபிளாட் வட்டி என்றால், உங்களுக்கும் அதுவே நடந்திருக்கிறது.

தனிநபர் கடனில் இன்னொரு பக்கமும் உண்டு. கார் வாங்குவது வங்கிக்குத் தேவையில்லாத விஷயம். பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், காரின் ஆவணங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். வாகனக் கடனில் தன் பணத்துக்குப் பயந்தாவது நிறுவனம் பார்க்கும் விஷயங்களை நீங்களே பார்க்க வேண்டும். விற்பவரின் ஆர்.சி.யில் பழைய கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர்கள் தரும் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்க விற்பவரும் அந்த நிறுவனமும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடனை அடைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல் போதாது. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பத்தை வாங்குங்கள், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பது நல்லது.

வண்டியைக் கைப்பற்றினால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்து வாகனக் கடனைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. ஏலத்தில் வந்த பணம் நிலுவைக்குப் போதவில்லை என்றால் மீதியை உங்களிடமே கேட்பார்கள்.

இரண்டு இடத்திலும் கையெழுத்திடும் முன், கடன் விவரங்களைச் சுருக்கமாகத் தரும் கே.எஃப்.எஸ். தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். பரிசீலனைக் கட்டணமும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி, ஏ.பி.ஆர். என்ற பெயரில் அதில் இருக்கும். அந்த இரண்டு எண்களை ஒப்பிடுங்கள், டீலர் வாயால் சொன்னதை அல்ல. முன்கூட்டியே அடைக்கும் கட்டணத்தையும் அதிலேயே பாருங்கள். நீங்கள் சொன்ன விவரங்களின்படி, வங்கியின் ஏ.பி.ஆர். 14 சதவீதத்துக்குக் கீழே நின்று, காரின் ஆவணங்களும் சுத்தமாக இருந்தால், தனிநபர் கடனையே எடுங்கள். டீலரின் 8 சதவீதம் உண்மையாகவே குறையும் அசலுக்கான வட்டி என்று தாளில் இருந்தால் மட்டும் முடிவை மாற்றலாம்.